டிடபிள்யூஏ 800: அளவுமானிக் கம்பி வழியே டேங்குக்குள் நுழைந்த மின்சாரம்

போயிங் 747-100 விமானத்தின் நடு டேங்குக்குள் ஒரே ஒரு வேலைக்குத்தான் மின்கம்பி போகிறது. எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லும் சென்சார்களுக்கான கம்பி அது. ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரண்டு உலோகக் குழாய்கள்தான் அந்த சென்சார். குழாய்களுக்கு நடுவே எரிபொருள் ஏறினால் அவற்றின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் திறன், ஏறும், இறங்கினால் இறங்கும். அதை அளக்க மிகச் சிறிய மின்னழுத்தமும் அதைவிடச் சிறிய மின்னோட்டமும் போதும், வடிவமைப்பிலேயே அப்படித்தான் வைத்திருந்தார்கள். அந்தச் சுற்று தன் வேலையைச் சரியாகச் செய்யும் வரை, அதிலிருந்து எரிபொருள் ஆவியைப் பற்ற வைக்கும் பொறி வர வழியே இல்லை.

1996 ஜூலை 17 இரவு நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய, இதே வகை விமானமான டிடபிள்யூஏ 800, 8:19-க்கு மேலே ஏறி, 8:31-க்கு நடு டேங்க் வெடித்து லாங் ஐலண்டுக்கு அருகே கடலில் விழுந்தது. விமானத்தில் இருந்த 230 பேரும் இறந்தார்கள். நான்கு வருட விசாரணைக்குப் பிறகு, 2000 ஆகஸ்டில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி தன் முடிவைச் சொன்னது. டேங்குக்குள் இருந்த ஆவி-காற்றுக் கலவை பற்றிக்கொண்டதுதான் காரணம். எது பற்ற வைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆராய்ந்து பார்த்தவற்றுள் மிகவும் சாத்தியமானது இதுதான்: டேங்குக்கு வெளியே எங்கோ ஒரு ஷார்ட் ஆகி, அதிக மின்னழுத்தம் அந்த அளவுமானிக் கம்பி வழியே உள்ளே போயிருக்கிறது.

டேங்குக்கு வெளியே என்பதைக் கவனியுங்கள். அந்த முடிவின்படி சென்சாரின் சொந்த மின்சாரம் எதையும் பற்ற வைக்கவில்லை. வேறு ஏதோ ஒரு சுற்றின் மின்சாரம் அதன் கம்பியைப் பாதையாக எடுத்துக்கொண்டது. வெடிக்கும் சூழலில் சென்சார் வைக்கும் எல்லோரும் இந்த விபத்தை விமானக் கதையாக ஒதுக்காமல் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். நம் ரிஃபைனரியிலும் சால்வென்ட் டேங்கிலும் பேரியர் என்று ஒரு சின்னப் பெட்டியைக் கன்ட்ரோல் ரூம் பேனலில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறோமே, அது தடுக்கப் பார்ப்பது சரியாக இந்தப் பிரச்சினையைத்தான்.

அன்று டேங்கின் நிலை எப்படி இருந்தது? கிட்டத்தட்ட காலி, அடியில் சுமார் 190 லிட்டர்தான் மிச்சம். டேங்குக்கு நேர் கீழே ஏர்கண்டிஷனிங் இயந்திரங்கள் இருக்கின்றன. விமானம் தரையில் நின்றபோது அவை சுமார் இரண்டரை மணி நேரம் ஓடி டேங்கைச் சூடாக்கின. அடியில் கொஞ்சம் எரிபொருள், மேலே பெரிய காலி இடம், கீழிருந்து சூடு: ஆவி நிறைய எழும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்ததும் அந்த ஆவி எளிதில் பற்றும் எல்லைக்குள் வந்துவிட்டது. பிறகு அதே நிலையை உருவாக்கிப் பறந்து பார்த்தபோது டேங்குக்குள் வெப்பநிலை 38-லிருந்து 53 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. ஆக, எரியும் பொருளும் ஆக்சிஜனும் தயார். மிச்சம் வேண்டியது பற்ற வைக்கும் ஆற்றல் மட்டும், அதுவும் மிகக் கொஞ்சம். ஹைட்ரோகார்பன் ஆவியைப் பற்ற வைக்கக் குறைந்தபட்சம் 200 மைக்ரோஜூல் வேண்டும் என்பதுதான் விமானத் துறை வைத்திருக்கும் கணக்கு. ஒரு ஜூலில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஹைட்ரஜனுக்கு இன்னும் மோசம், சுமார் 20 மைக்ரோஜூலே போதும்.

இப்போது, இப்படிப்பட்ட இடத்தில் மின்சாதனம் வைக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? பலருக்கு முதலில் தோன்றுவது கனமான உலோகப் பெட்டி. அதைத்தான் ஃபிளேம்ப்ரூஃப் என்கிறோம். உள்ளே வாயு புகுந்துவிடும், பொறி வரும், வெடிக்கவும் வெடிக்கும், பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டு செய்யும் வடிவமைப்பு அது. பெட்டி அந்த அழுத்தத்தைத் தாங்கும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள நீண்ட, குறுகிய இடுக்கு வழியாக வெளியேறும் வாயு, வெளியே வருவதற்குள் குளிர்ந்துவிடும். மோட்டாருக்கும் விளக்குக்கும் இது நல்ல வழி, ஏனென்றால் அவற்றுக்கு நிஜமாகவே நிறைய மின்சாரம் வேண்டும். ஆனால் ஒரு போல்ட் தளர்ந்தாலோ, இடுக்கின் முகம் அரித்துப்போனாலோ பாதுகாப்பு போய்விடும். மூடியைத் திறக்கவும் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அந்த 747 சென்சாருக்கு இந்த யோசனையே பொருந்தாது. எரிபொருளில் நேரடியாக நனைந்து நிற்பதுதான் அதன் வேலை, அதைப் பெட்டிக்குள் போட்டால் அளக்க ஒன்றும் இருக்காது.

இன்ட்ரின்சிக்லி சேஃப் முறை வெடிப்பை எங்கே அடைப்பது என்ற கேள்விக்கே போவதில்லை. அந்தக் கம்பிகள் அறுந்தாலும், ஒன்றோடொன்று உரசினாலும், தரையோடு ஒட்டினாலும் வரும் மிகப்பெரிய பொறிகூட வாயுவைப் பற்ற வைக்கப் போதாத அளவுக்கு ஆற்றலை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சென்சாரின் மேல்மூடி பிளாஸ்டிக்காக இருந்தாலும், மூடி திறந்தே கிடந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் பிளான்டிலேயே, மின்சாரம் போய்க்கொண்டிருக்கும் டிரான்ஸ்மிட்டரைத் திறந்து பார்க்க இதில் அனுமதிக்கிறார்கள்.

ஆனால் ஆற்றலைக் குறைப்பது என்றால் சாதனம் குறைவாகக் குடிக்கிறது என்று அர்த்தமில்லை. டிடபிள்யூஏ 800-ன் சென்சார் மிகக் குறைவாகக் குடிக்கும் சாதனம்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எது பழுதானாலும், எந்தக் கம்பியில் எந்த மின்சாரம் வந்து ஒட்டினாலும், வாயு இருக்கும் பக்கத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு போய்ச் சேர முடியும்? அதற்கு உறுதியான உச்சவரம்பு போடும் பொருள்தான் பேரியர்.

சாதாரண ஸீனர் பேரியருக்குள் மூன்றே சங்கதி. கன்ட்ரோல் ரூம் பக்கத்தில் ஒரு ஃபியூஸ், நடுவில் எர்த்துக்கு இறங்கும் ஸீனர் டையோடுகள், வாயுப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர். வழக்கமாக 24 வோல்ட் வந்துகொண்டிருக்கும் கம்பியில் யாரோ தவறாக 230 வோல்ட்டை இணைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஸீனர் கடத்த ஆரம்பித்து மின்னழுத்தத்தை 28 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாமல் பிடித்து, மிச்சத்தை எர்த்துக்குத் தள்ளும். அந்தப் பெரும் ஓட்டத்தில் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் போகும் வரை ஸீனர் தாக்குப்பிடிக்க வேண்டும், அதனால் ஸீனரின் அளவை ஃபியூஸைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். ஒரு ஸீனர் பழுதாகி இருந்தால்? அதற்காகத்தான் இரண்டோ மூன்றோ வைப்பது. ரெசிஸ்டருக்குப் பழுது என்றால் மதிப்பு கூடவோ முழுக்க அறுந்துபோகவோ மட்டும்தான் வேண்டும், ஷார்ட் ஆகக் கூடாது, அப்படிப்பட்ட வகையைத்தான் போடுகிறார்கள். வாயு எப்போதும் இருக்கும் இடத்துக்கான பேரியர் என்றால் இரண்டு பழுதுகள் ஒரே நேரத்தில் வந்தாலும் உச்சவரம்பு நிற்க வேண்டும்.

எங்கும் பார்க்கக் கிடைக்கும் 28 வோல்ட், 300 ஓம் பேரியரை எடுத்துக்கொண்டால் வாயுப் பக்கத்துக்குப் போகக்கூடிய உச்ச மின்னழுத்தம் Uo, மின்னோட்டம் Io, திறன் Po; கணக்கு இவ்வளவுதான்:

```
Uo = 28 V
Io = 28 / 300 = 0.093 A
Po = (28 × 0.093) / 4 = 0.65 W
```

கம்பிகளை நேராக ஷார்ட் செய்தாலும் 93 மில்லிஆம்பியருக்கு மேல் வராது. எந்தச் சுமையை மாட்டினாலும் அது 0.65 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. சூடான பரப்பு வாயுவைப் பற்ற வைக்கக் கூடாதே, அதற்கான கணக்கு இந்த வாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

இதோடு முடியவில்லை, ஏனென்றால் கேபிளே ஆற்றலைச் சேமிக்கும். நீளமான கேபிள் ஒரு கெப்பாசிட்டர், மெதுவாக நிரம்பி, ஷார்ட் ஆகும்போது மொத்தத்தையும் ஒரே நொடியில் கொட்டிவிடும், ரெசிஸ்டர் அதைத் தடுக்க முடியாது. அதனால் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் 28 வோல்ட்டுக்கு அனுமதி 0.083 மைக்ரோஃபாரட்தான். கேபிள், சென்சார் இரண்டின் கெப்பாசிட்டன்ஸையும் கூட்டினால் அதற்குள் அடங்க வேண்டும். மீட்டருக்கு 200 பிக்கோஃபாரட் உள்ள கேபிள் என்றால் 400 மீட்டர் ஓடினாலே 0.08 வந்துவிடும், சென்சாருக்கு இடமே மிஞ்சாது.

இங்கே ஒரு சுவாரசியம். அந்த 0.083 மைக்ரோஃபாரட்டில் 28 வோல்ட்டில் சேரும் ஆற்றலைக் கணக்குப் போட்டால் 32 மைக்ரோஜூலுக்கு மேல் வரும். ஹைட்ரஜனுக்கு 20 போதும் என்று இப்போதுதானே சொன்னேன்? அந்த 20 என்பது உயர் மின்னழுத்தத்தில், சரியான இடைவெளியில் அடிக்கும் பொறிக்கான எண். குறைந்த மின்னழுத்தத்தில் கம்பிகள் தொட்டு விலகும்போது வரும் பொறி உலோகத்தோடு ஒட்டியே பிறக்கும், அதன் சூட்டில் ஒரு பங்கை அந்த உலோகமே விழுங்கிவிடும். இதைக் காகிதத்தில் கணித்துவிட முடியாது என்பதால்தான் அட்டவணை எண்கள் எல்லாம் சோதனையிலிருந்து வந்தவை. சோதனைக் கருவி பார்க்கவே எளிமையானது. வாயு நிரம்பிய ஒரு சிறிய அறை, அதற்குள் பள்ளம் வெட்டிய காட்மியம் தட்டு சுழலும், 0.2 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கம்பிகள் நான்கு அதன்மேல் உரசி உரசி விலகும். முதலில் கருவியையே சோதிப்பார்கள். 95 மில்லிஹென்றி காயிலில் 24 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியர் ஓடவிட்டால், ஹைட்ரஜன் கலவை 440 சுற்றுக்குள் பற்றியாக வேண்டும். பற்றாவிட்டால் கருவி சரியில்லை. அந்த உறுதி கிடைத்த பிறகுதான் நம் சுற்றை மாட்டி, ஒன்றரை மடங்கு கூட்டிக் கொடுத்து, பற்றவில்லை என்று பார்ப்பார்கள்.

சரி, விமானத்துக்குத் திரும்புவோம். அளவுமானிக் கம்பி டேங்கிலிருந்து விமானியறை வரை நீண்ட தூரம் ஓடுகிறது. வழி முழுக்க மற்ற கம்பிகளோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, அவற்றுள் அதிக மின்னழுத்தம் உள்ள விளக்குக் கம்பிகளும் சேர்ந்தே போகின்றன. விமானம் தயாரானது 1971-ல், அதாவது 25 வயது. அதே காலத்து மற்ற விமானங்களைத் திறந்து பார்த்தபோது காப்புறை வெடித்த கம்பிகளும், கட்டுகளுக்கு நடுவே உலோகச் சீவல்களும் கிடைத்தன. கம்பி ஒன்றோடு ஒன்று ஒட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த விமானமே சில தடயம் விட்டுப்போயிருந்தது. வெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு, நாலாம் எஞ்சினின் எரிபொருள் ஓட்டமானி கிறுக்குத்தனமாகக் காட்டுகிறது என்று கேப்டன் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. பதிவு நிற்பதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு முன், கேப்டனின் சேனலில் மின்சார இரைச்சல் இரண்டு முறை விட்டுப்போயிருக்கிறது. எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது, கடலிலிருந்து மீட்ட நடு டேங்க் அளவுமானி. ஏற்றும்போது இருந்தது 300 பவுண்டு, அது காட்டியபடி நின்றதோ 640. பிறகு சோதித்துப் பார்த்தபோது, அந்த மானிக்குப் போகும் கம்பியில் வெளி மின்சாரம் பட்டால், பிரேக்கர் விழுவதற்குள் எண் சில நூறு பவுண்டு தாவுவது தெரிந்தது.

கம்பியில் அதிக மின்னழுத்தம் வந்தால் மட்டும் பொறி வந்துவிடாது, அதற்கு டேங்குக்குள் ஓர் இடைவெளி வேண்டும். அங்கேயும் ஒரு பலவீனம் இருந்தது. எரிபொருளில் இருக்கும் கந்தகம் வருடக்கணக்கில் வெள்ளி முலாமோடும் செம்போடும் சேர்ந்து சென்சார் முனைகளில் சல்ஃபைடு படிவாகத் தங்கிவிடுகிறது. அது கொஞ்சம் மின்சாரம் கடத்தும். ஆக, காற்று இடைவெளி தாங்க வேண்டிய மின்னழுத்தத்தைவிட மிகக் குறைவிலேயே அந்தப் படிவின் மேல் பொறி அடிக்கலாம். இதை எந்த அளவுமானி சோதனையும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் வழக்கமான சிறு மின்னழுத்தத்தில் அளவு சரியாகவே வந்துகொண்டிருக்கும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 1998-ல் பழைய 747-களுக்கும் 1999 தொடக்கத்தில் பழைய 737-களுக்கும் உத்தரவு போட்டது: அளவுமானிக் கம்பியை மற்றக் கம்பிகளிலிருந்து பிரித்து ஷீல்டு போடு, அல்லது மின்னழுத்தத் தாவலை அடக்கும் சாதனத்தை வை. இந்த இரண்டாவது சாதனம் நம் பேரியரோடு வடிவத்தில் ஒத்துப்போகாது, ஆனால் யோசனை அதே. வெளியே என்ன நடந்தாலும் டேங்குக்குள் போகும் ஆற்றலுக்கு ஓர் எல்லை. ஒரு வித்தியாசம் உண்டு. விமான வழிகாட்டுதலில் டேங்குக்குள் சாதாரண இயக்கத்தில் ஓடக்கூடிய தொடர் மின்னோட்டத்தை 25 மில்லிஆம்பியருக்குள் வைக்கச் சொல்கிறார்கள். நம் 93-ஐவிட இது ரொம்பக் கறார். துடைக்கப் பயன்படுத்தும் ஸ்டீல் உல்லின் ஒரு மெல்லிய இழை இரண்டு முனைகளுக்கு நடுவே கிடந்தால், பொறியே வராமல், அந்த இழை சிவக்கச் சூடாகிப் பற்ற வைத்துவிடுமே என்ற பயம்தான் காரணம். பிறகு 2008-ல் டேங்குக்குள் ஆவி பற்றக்கூடிய நிலையையே குறைக்கும் ஏற்பாட்டையும் விதியாக்கினார்கள். ஆற்றலை மட்டும் நம்பி விட முடியவில்லை என்பதை இப்படி ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

பேரியர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் நம் ஆட்கள் அடிக்கடி சறுக்குவது. பேரியர் தன் வழியாகப் போவதைத்தான் கட்டுப்படுத்தும். அதைத் தாண்டிய பிறகு அந்தக் கம்பியோடு வேறொரு 230 வோல்ட் கம்பி உரசினால் பேரியருக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. மதகை வைத்துவிட்டு, அதற்குக் கீழே கரையில் உடைப்பு விட்ட கதைதான். டிடபிள்யூஏ 800 போன்ற விமானத்தில் அந்தத் தாவல் அடக்கும் சாதனத்தை விமானியறையில் வைத்தால், டேங்க் வரையிலான அத்தனை தூரமும் பாதுகாப்பு இல்லாமல் கிடக்கும், அதனால்தான் டேங்குக்கு அருகே வைப்பதும் மிச்சக் கம்பியைத் தனியே பிரிப்பதும் சேர்ந்தே வர வேண்டியிருக்கிறது. பிளான்டில் பேரியர் பாதுகாப்பான பக்கத்தில், கன்ட்ரோல் ரூமில் இருக்கும், ஆகையால் நீல நிறக் கேபிளும் தனி டிரேயும் ஜங்ஷன் பாக்ஸில் மற்ற டெர்மினல்களோடு 50 மில்லிமீட்டர் தூரமும் அழகுக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. ஒரே கேபிள் டிரேயில் பம்ப் மோட்டார் கேபிளையும் நீலக் கேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, டேக் மட்டும் சரியாக ஒட்டியிருப்பதை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு டை-யால் பேரியர் வாங்கிய காசு வீண்.

எர்த் இரண்டாவது. ஸீனர் மிச்ச மின்சாரத்தைத் தள்ளும் இடம் அதுதான், அது நல்ல எர்த்தாக இல்லாவிட்டால் மின்னழுத்தம் 28-ல் நிற்காமல் சென்சார் பக்கமும் சேர்ந்தே ஏறும். பேரியர் பட்டையிலிருந்து முதன்மை எர்த் வரை 1 ஓமுக்குள், குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதுவும் மற்ற உபகரணங்களின் எர்த்தோடு கலக்காமல். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் டிரான்ஸ்பார்மராலோ ஒளியாலோ பிரிக்கும் ஐசொலேட்டரை வாங்கலாம், விலை அதிகம், பாதுகாப்பு எர்த்தை நம்பியிருக்காது.

மூன்றாவதைச் சொல்ல எனக்கே கோபம் வரும். ஃபியூஸ் போய்விட்டால் அந்த அளவு கன்ட்ரோல் ரூம் திரையில் காணாமல் போய்விடும். பெரும்பாலான பேரியரில் ஃபியூஸை மாற்ற முடியாது, மொத்தப் பேரியரையும் மாற்ற வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் ஸ்டாக் இருக்காது. யாரோ ஒருவர் பேரியரின் இரண்டு பக்கத்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார், அளவு திரும்ப வந்துவிடும், பார்க்கப்போனால் ரெசிஸ்டர் இல்லாததால் டிரான்ஸ்மிட்டருக்கு இன்னும் நல்ல மின்னழுத்தம் கிடைக்கும். பேரியர் இல்லாத லூப் எல்லாவிதத்திலும் நன்றாக ஓடும், அதனால் அது இல்லை என்பதை லூப் ஒருபோதும் சொல்லாது. அந்த 747-ன் அளவுமானி 25 வருஷம் ஓடியதும் இதே மாதிரிதான்.

கண்டுபிடிக்க ஒரே வழி, ஷட்டவுனில் லூப்பை நிறுத்தி, இரண்டு பக்கக் கம்பியையும் கழற்றி, சாதாரண மல்டிமீட்டரால் பேரியரின் உள்ளே-வெளியே டெர்மினல்களுக்கு நடுவே ஓம் பார்ப்பது. காப்பைச் சோதிக்கும் மெகர் கையிலிருந்தாலும் அதை இதில் வைக்காதீர்கள், 500 வோல்ட்டில் ஸீனரையே கொன்றுவிடுவீர்கள். 300 ஓம் பேரியர் ஃபியூஸையும் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் காட்ட வேண்டும், சரியான எண் டேட்டாஷீட்டில் இருக்கும். முடிவில்லாமல் போனால் ஃபியூஸ் போயிருக்கிறது. ஓர் ஓமுக்கும் கீழே காட்டினால், பின்பக்கம் டெர்மினலில் ஒரு சின்ன வயர் துண்டு தொங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.